முதல் ஸ்லைடு வாடிக்கையாளருக்கு

கம்ப்ரசர் விற்க வந்த சேல்ஸ் இன்ஜினியர் மடிக்கணினியைத் திறக்கிறார். நிறுவனம் தொடங்கிய ஆண்டு, நிறுவனரின் படம், தொழிற்சாலையின் தோற்றம், ஐ.எஸ்.ஓ. சான்றிதழ், பெரிய வாடிக்கையாளர்களின் சின்னங்கள் என்று ஸ்லைடுகள் நகர்கின்றன. எதிரே இருக்கும் நூற்பாலை முதலாளி ஐந்தாவது ஸ்லைடு வருவதற்குள் செல்போனை எடுத்துவிடுகிறார். கடைசியில், "கொட்டேஷன் அனுப்புங்க, பார்க்கலாம்" என்கிறார். வந்தவரின் நிறுவனத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசியாயிற்று. ஆலையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

விற்பனை உரையாடல்களை நேரில் கவனித்து ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் நீல் ராக்கம். இவரும் குழுவினரும் 12 ஆண்டுகளில் சுமார் 35,000 விற்பனைச் சந்திப்புகளை ஆராய்ந்தனர். முடிவுகள் 1988இல் 'ஸ்பின் செல்லிங்' என்ற நூலாக வந்தன. சிறிய பொருளை விற்கும்போது அதன் சிறப்புகளை அடுக்கினாலும் ஓரளவு எடுபடும். பெரிய தொகைக்கான விற்பனையில் அது எடுபடுவதில்லை என்று அவர்கள் கண்டனர். அங்கே வாங்குபவரே அதிகம் பேசிய சந்திப்புகள்தாம் வெற்றி பெற்றன. ஒரு சிக்கலைத் தெரிந்துகொள்வதோடு நிற்காமல், அதனால் வேறு என்னென்ன பாதிக்கிறது என்று கேட்டவர்களே நன்றாக விற்றார்கள்.

ஆகவே, ஸ்லைடு தயாரிக்கும் வேலை அலுவலக மேசையில் தொடங்குவதில்லை. வாடிக்கையாளரின் இடத்தில் தொடங்குகிறது.

கோவைப் பக்கத்து நூற்பாலை ஒன்றை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். மூன்று ஷிப்டும் ஓடும் ஆலை; 37 கிலோவாட் கம்ப்ரசர் ஒன்று இருக்கிறது. தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் புதிய வகைக் கம்ப்ரசரை அங்கே விற்க வேண்டும். சேல்ஸ் இன்ஜினியர் முதலில் முதலாளியைப் பார்க்காமல், அனுமதி பெற்று மெயின்டனன்ஸ் சூப்பர்வைசரைப் பார்க்கிறார். எத்தனை ஸ்பிண்டில், எத்தனை மெஷின் போன்ற விவரங்களை முன்பே தெரிந்துகொண்டு போயிருக்கிறார். தானே தேடிக்கொள்ளக் கூடியதையெல்லாம் கேட்டால், பதில் சொல்பவருக்குச் சலிப்புத்தான் வரும்.

"காத்து எப்பங்க பத்தாம போகுது?" என்று கேட்கிறார். இரவு ஷிப்டில் ஆட்டோகோனர் பக்கம் அழுத்தம் இறங்கிவிடுவதாகப் பதில் வருகிறது. "இறங்கினா என்ன ஆகுது?" என்பது அடுத்த கேள்வி. நூல் முனைகள் சரியாக ஒட்டுவதில்லை, மெஷின் நின்று நின்று ஓடுகிறது என்கிறார் சூப்பர்வைசர். அப்படி நிற்கும் நேரத்தை யார் கணக்கில் எழுதுகிறார்கள் என்ற மூன்றாவது கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. யாரும் எழுதுவதில்லை என்பதே ஒரு செய்திதான்.

விடுமுறை நாளில் ஒரு சோதனை. எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு, வால்வுகளைத் திறந்தபடியே வைத்துக் கம்ப்ரசரை மட்டும் ஓட விடுகிறார்கள். காற்றை யாரும் பயன்படுத்தாதபோதும் அது 3 நிமிடம் காற்றை அடைக்கிறது, 7 நிமிடம் சும்மா ஓடுகிறது. பத்து நிமிடத்தில் மூன்று என்றால், அதன் திறனில் 30 சதவீதம் குழாய்க் கசிவுக்கே போகிறது.

இந்த வகைக் கம்ப்ரசர் சும்மா ஓடும்போதும் முழுச் சுமையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தை இழுக்கும். அதையும் கழித்துவிட்டு, ஆண்டுக்கு 8,000 மணி நேரம், யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று போட்டுப் பார்த்தால், கசிவால் மட்டும் சுமார் 60,000 யூனிட் வீணாகிறது. ரூபாயில் ஏறத்தாழ 4.8 லட்சம்.

இங்கேதான் விற்க வந்தவரின் நேர்மைக்குச் சோதனை. கசிவை அடைக்கப் புதிய கம்ப்ரசர் தேவையில்லை. சில கப்ளிங்குகளும் ஹோஸ்களும் போதும். அதை மறைத்து, மொத்த இழப்பையும் புதிய மெஷின் மீட்டுத்தரும் என்று ஸ்லைடு போட்டால், விவரம் தெரிந்த ஒரு பிட்டர் அதை உடைத்துவிடுவார். உள்ளதைச் சொன்னாலும் விற்பனை போய்விடாது. கசிவை அடைத்தபின் பழைய கம்ப்ரசர் இன்னும் அதிக நேரம் சும்மா ஓடும். அந்த வீணைத் தடுப்பதுதான் புதிய வகை கம்ப்ரசரின் வேலை.

இதற்குப் பிறகு எழுதும் முதல் ஸ்லைடில் மூன்றே வரிகள்: இரவு ஷிப்டில் ஆட்டோகோனர் நிற்பது, 30 சதவீதக் கசிவு, 4.8 லட்சம் ரூபாய். அதைக் காட்டிவிட்டு, "இந்தக் கணக்கு சரிங்களா?" என்று கேட்டு நிறுத்த வேண்டும். "எங்க ரேட்டு எட்டு ரூபாய் வராதே" என்று முதலாளி திருத்தினால் நல்ல அறிகுறி, கணக்கு அவருடையதாகிவிட்டது. உடனே அவர் சொல்லும் தொகையைப் போட்டுக் காட்டலாம். அவர் தலையாட்டிவிட்டுப் பேசாமல் இருந்தால், எழுதியது அவருடைய கவலை இல்லை என்று பொருள். அப்போது அடுத்த ஸ்லைடுக்கு ஓடாமல், எது கவலை என்று கேட்பதே சரி.

இன்னொரு எச்சரிக்கை: கசிவைச் சூப்பர்வைசரின் குறையாக முதலாளி முன் காட்டிவிடக் கூடாது. முதல் நாள் மாலையே எண்களை அவரிடம் காட்டி, "இதை நீங்களே சொல்றீங்களா?" என்று கேட்பது நாகரிகம், தகவல் தந்தவருக்குச் செய்யும் மரியாதையும் அதுவே.

நிறுவனத்தின் வரலாறு கடைசிக்குப் போகிறது, அதுவும் கேட்டால் மட்டும். "நடுராத்திரி நின்னுபோனா யாருங்க வருவாங்க?" என்று முதலாளி கேட்பார். அப்போது காட்ட ஒரே ஸ்லைடு போதும். சர்வீஸ் ஆள் எந்த ஊரில் இருக்கிறார், எத்தனை மணி நேரத்தில் வருவார், எந்த உதிரி பாகம் கையிருப்பில் இருக்கிறது என்பது அதில் இருக்க வேண்டும்.