ஆண்டு அச்சிடாத புத்தகத்தை எப்படிக் குறிப்பது?

ஆய்வேடுகளின் கடைசிப் பக்கங்களில் உள்ள நூற்பட்டியலைப் பார்த்தால், பழைய தமிழ் நூல்கள் பலவற்றுக்கு ஆண்டு இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆண்டு இல்லை’ என்றிருக்கும். ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் n.d. என்று போடுவார்கள். அவற்றில் சில நூல்களில் ஆண்டு அச்சிடப்பட்டே இருக்கும். நாம் தேடும் வடிவத்தில் இல்லாததால் கண்ணில் படாமல் போயிருக்கும்.

‘ஜய வருடம் தை மாதம்’ என்று முகப்பில் போட்ட நூல் ஆண்டில்லா நூல் ஆகாது. அறுபது ஆண்டுச் சுழற்சியில் ஜய வருடம் 1834, 1894, 1954 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் தொடங்கியது. பதிப்பாசிரியர் எந்தக் காலத்தவர், எந்த அச்சுக்கூடம் என்று பார்த்தால் இவற்றில் எது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். 1894 என்றே வைத்துக்கொள்வோம். அவசரப்பட்டு 1894 என்று எழுதிவிடக் கூடாது. சித்திரையில் தொடங்கிய வருடத்தின் தை மாதம் அடுத்த ஆங்கில ஆண்டின் ஜனவரியில்தான் வரும். ஆகவே அந்த நூலின் ஆண்டு 1895. திருவள்ளுவர் ஆண்டு மட்டும் போட்ட நூலென்றால் 31-ஐக் கழித்தால் போதும்.

உண்மையிலேயே ஆண்டு எதுவும் இல்லாத நூலும் உண்டு. ஒரு கோயில் தலவரலாற்றுச் சிறுநூலை எடுத்துக்கொள்வோம். அட்டையில் விலை 75 பைசா. அச்சக முகவரி ‘சென்னை-5, தமிழ்நாடு’. ‘லை’, ‘னை’ எல்லாம் பழைய துதிக்கை வடிவத்தில் இருக்கின்றன. நூலக முத்திரையில் 1974 என்று தேதி.

பைசா என்றதால் 1957-க்கு முந்தையது அல்ல. அதற்கு முன் அணாதான். ‘புதிய பைசா’ என்றில்லாமல் வெறும் பைசா என்பதால் 1964-க்குப் பிந்தையதாக இருக்கலாம். ‘புதிய’ என்ற அடைமொழி அந்த ஆண்டில்தான் கைவிடப்பட்டது. தமிழ்நாடு என்ற பெயர் அதிகாரபூர்வமாக நடைமுறைக்கு வந்தது 1969-இல். ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இல்லை என்பதை வைத்து 1972-க்கு முந்தையது என்று முடிவு கட்ட முடியாது. அந்தக் குறியீடு வந்த பிறகும் பல காலம் மக்கள் ‘சென்னை-5’ என்றே எழுதிவந்தார்கள். எழுத்துச் சீர்திருத்த ஆணை 1978-இல் வந்தது என்றாலும், கையிலிருந்த ஈய எழுத்துகளை எல்லா அச்சகங்களும் மறுநாளே தூக்கிப் போட்டுவிடவில்லை. உறுதியான மேல் எல்லை நூலக முத்திரைதான்: 1974-க்குள் நூல் அச்சாகியிருக்க வேண்டும்.

ஆக, 1969-க்கும் 1974-க்கும் இடைப்பட்டது. இதை ‘ஏறத்தாழ 1971’ என்று எழுதலாம், ஆங்கிலமானால் ca. 1971. ஆண்டு நூலில் அச்சானதல்ல, நாம் கணித்தது என்பதால் சதுர அடைப்புக்குறிக்குள் இட்டுக் காட்டுவதும் உண்டு. கணித்த விதத்தை அடிக்குறிப்பில் ஒரு வரியில் சொல்லிவிட்டால் அடுத்தவர் சரிபார்க்கலாம். விலை அச்சிடப்பட்டதா, பின்னால் ரப்பர் முத்திரையால் குத்தியதா என்று பார்ப்பது அவசியம். முன்னுரையில் தேதி இருந்தாலும் அதையே நூலின் ஆண்டாகக் கொள்ள முடியாது. மறுபதிப்பில் பழைய முன்னுரை அப்படியே வருவது வழக்கம்.

கருத்து வேறுபாட்டை மூடி மறைக்கும் போர்வையாக ‘ஏறத்தாழ’வைச் சிலர் பயன்படுத்துவது எனக்கு உறுத்துகிறது. தொல்காப்பியத்தின் காலத்தில் அறிஞர்கள் பல நூற்றாண்டுகள் வேறுபடுகிறார்கள். அங்கே ‘ஏறத்தாழ’ என்று ஓர் ஆண்டை எழுதினால், சில ஆண்டுகள் முன்பின் இருக்கலாம் என்றுதான் படிப்பவர் புரிந்துகொள்வார். யாருடைய கணிப்பு என்று பெயரைச் சொல்லிவிடுவதே நேர்மை.

எந்தத் தடயமும் கிடைக்காதபோதுதான் ‘ஆண்டு இல்லை’. அதற்கு முன் நூலின் கடைசிப் பக்கத்தையும் பின்னட்டையையும் பார்த்துவிட வேண்டும். ஒளிநகலை மட்டும் வைத்து எழுதுபவர்கள் வழுக்குவது இங்கேதான்: பதிப்பு விவரப் பக்கத்தை யாரோ நகலெடுக்காமல் விட்டிருப்பார்கள்.

இன்னும் வெளிவராத நூல்களின் கதை வேறு. இதழ் ஒரு கட்டுரையை ஏற்றுக்கொண்ட பிறகுதான் அதை ‘அச்சில்’ என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் in press. பதிப்பகம் ஏற்றுக்கொண்ட நூலானால் ‘வெளிவரவுள்ளது’, அதாவது forthcoming. இரண்டிலும் இந்தச் சொல் ஆண்டின் இடத்தில் உட்காரும். பக்க எண் போடக் கூடாது. அடுத்த ஆண்டு வந்துவிடும் என்ற நம்பிக்கையில் அந்த ஆண்டைப் போடுவதும் தவறு. அனுப்பி வைத்து முடிவுக்காகக் காத்திருக்கும் கட்டுரை இவ்விரண்டிலும் சேராது. அது வெறும் கையெழுத்துப்படி. எழுதப்பட்ட ஆண்டைப் போட்டு அப்படியே குறிக்க வேண்டும்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் இந்தப் பதிவுகளை மட்டும் தனியே எடுத்து ஒருமுறை விசாரித்துவிடுவது நல்லது. அதற்குள் நூல் வெளிவந்து தலைப்பே மாறியிருக்கலாம்.