முன் பிரேக் மெத்தென்று போனால்



குளுவாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், ஒரு குடும்பத்தின் கப்சாய் மோட்டார் சைக்கிளைப் பார்க்க நேர்ந்தது. முன் பிரேக் பிடியை அழுத்தினால் பஞ்சை அழுத்துவது போல் இருந்தது. பிடி கைப்பிடி வரை வந்து தொட்டது. விரைவாக மூன்று முறை அழுத்தினால் மட்டும் சற்று இறுகியது. பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது என்று எண்ணிப் புதுக் கட்டை மாற்றியிருந்தார்கள். அதனாலும் பயனில்லை.

காரணம் எண்ணெயில் இருந்தது. நாம் பிடியை அழுத்தும்போது குழாயிலுள்ள பிரேக் எண்ணெய்தான் அந்த விசையைச் சக்கரத்தருகே கொண்டு செல்கிறது. எண்ணெய் சுருங்காது, காற்று சுருங்கும். குழாயில் காற்றுக் குமிழ் இருந்தால் நம் கைவிசை கட்டைக்குப் போகாமல் குமிழை நசுக்குவதிலேயே செலவாகிவிடும். இந்த வண்டியில் கட்டை தேயத் தேய, கிண்ணத்தில் எண்ணெய் மட்டம் கீழ்க்கோட்டுக்கும் தாழ்ந்திருந்தது. அந்த நிலையில் வண்டி வாய்க்காலில் சரிந்து விழுந்தபோது காற்று உள்ளே புகுந்துவிட்டது.

மூடியைத் திறந்தால் எண்ணெய் கோப்பி-ஓ நிறத்தில் இருந்தது. இது வேறொரு சங்கதி. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஜொகூரின் மழைக்காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. டாட் 3 எண்ணெய் புதிதில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. நூற்றுக்கு நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவாக நீர் சேர்ந்தாலே அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். டாட் 4 எண்ணெய்க்கு அந்த எண்கள் 230, 155. பளுவோடு நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால், சூட்டில் நீர் ஆவியாகிப் பிரேக் திடீரென்று விட்டுவிடும். வண்டி ஆறியபின் மீண்டும் சரியாகிவிடும். ஆகவே எப்போதும் மெத்தென்று இருந்தால் காற்று என்றும், சூடான பிறகு மட்டும் மெத்தென்று போனால் பழைய எண்ணெய் என்றும் ஐயுறலாம்.

எந்த எண்ணெய் வாங்குவது? கிண்ணத்தின் மூடியிலேயே பொறித்திருக்கும். டாட் 3 என்றிருந்தால் டாட் 4 ஊற்றலாம். டாட் 4 என்றிருந்தால் டாட் 3 வேண்டாம். டாட் 5 மட்டும் சிலிகோன் எண்ணெய். அதை இவற்றோடு கலக்கவே கூடாது. டாட் 5.1 என்பது பெயரில் நெருக்கமானாலும் டாட் 4 இனத்தைச் சேர்ந்தது. என்ஜின் எண்ணெய் ஒரு துளி பட்டாலும் உள்ளிருக்கும் ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். போத்தல் சிறியதாக, முத்திரை உடையாததாக இருக்கட்டும். பல மாதம் திறந்து கிடந்த போத்தல் ஏற்கெனவே ஈரம் குடித்தது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியில் வந்ததைப் போன்ற வெள்ளத்தில் வண்டி மூழ்கியிருந்தால், நிறம் பார்க்காமலே எண்ணெயை மாற்றிவிடுங்கள்.

காற்றை எடுக்கும் வேலைக்கு இருவர் வேண்டும். அன்று கணவர் சக்கரத்தருகே உட்கார்ந்தார், மனைவி பிடியைப் பிடித்தார். கிண்ணம் சமமாக நிற்கும்படி ஹேண்டிலைத் திருப்பிக்கொண்டோம். இந்த எண்ணெய் சாயத்தை அரிக்கும் என்பதால் முன் மறைப்பின் மேல் ஈரத்துணி விரித்தோம். சக்கரத்தருகே உள்ள பிரேக் கூட்டின் மேல்பக்கம் ரப்பர் தொப்பி மாட்டிய சிறு முலை ஒன்று இருக்கும். அதில் 8 மில்லிமீட்டர் ஸ்பானரை வைத்து, தெளிவான பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மறுமுனையைச் சிறிது புது எண்ணெய் ஊற்றிய போத்தலுக்குள் அமிழ்த்தினோம்.

மனைவி மூன்று நான்கு முறை மெல்ல அழுத்தி, கடைசியில் விடாமல் பிடித்துக்கொண்டு, "பிடிச்சிட்டேன்" என்றார். கணவர் முலையைக் கால் சுற்று திறந்தார். பிடி இறங்கியது, குழாயில் குமிழோடு பழுப்பு எண்ணெய் வந்தது. முலையை மூடிய பிறகே, "மூடிட்டேன், விடு" என்றார். இந்த வரிசை மாறினால், அதாவது மூடுமுன் பிடியை விட்டால், வெளியேறிய காற்று திரும்ப இழுக்கப்படும். நான்கைந்து முறைக்கு ஒருதரம் கிண்ணத்தை எட்டிப் பார்த்து நிரப்பினோம். அது வற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இருபது முறைக்குப் பிறகு எண்ணெய் தெளிவாக வந்தது. இருந்தும் பிடி முழுதாக இறுகவில்லை. மேலே, குழாய் தொடங்கும் இடத்தில் குமிழ் தங்கியிருந்தது; அது கீழ்நோக்கி எளிதில் வராது. குழாயை விரலால் தட்டிக்கொண்டே பிடியைச் சிறிது சிறிதாக அசைத்தபோது, கிண்ணத்தின் அடித்துளையிலிருந்து மணிமணியாகக் குமிழ்கள் எழுந்தன. பிடி இறுகியது. முலையை அளவோடு முறுக்கினோம். மிகை பலம் கொடுத்தால் ஒடிந்துவிடும். மேல்கோடு வரை எண்ணெய் நிரப்பி மூடி, சிந்தியதைத் தண்ணீரால் கழுவினோம். பிரேக் வட்டிலும் கட்டையிலும் எண்ணெய் படாததைப் பார்த்துக்கொண்டபின், லயத்து முற்றத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்தார்கள்.

பிடியை இறுக்கிப் பிடித்தபடி இருக்க, அது தானாகவே மெல்ல மெல்ல இறங்கினால் அது காற்றல்ல. எங்கோ எண்ணெய் ஒழுகுகிறது, அல்லது மேல் உருளையின் ரப்பர் தேய்ந்திருக்கிறது. எத்தனை முறை காற்றை எடுத்தாலும் அது தீராது. உதிரிப்பாகம் மாற்றும்வரை அந்த வண்டியில் வேலைக்குப் போகாதீர்கள்.