எழுத்து எழுத்தாகவே இருக்கட்டும்

2010 ஜூலை 4. யூடியூபில் ஒரு பிரபல பாடகரின் வீடியோவைத் திறந்தவர்களுக்குப் பொய்ச் செய்தி சொல்லும் பெட்டிகள் திடீரென முளைத்தன. சிலரை அது ஆபாசத் தளங்களுக்கே இழுத்துக்கொண்டு போனது. அவர்கள் எந்த லிங்க்கையும் தொடவில்லை. வீடியோவுக்குக் கீழே யாரோ போட்டிருந்த கமெண்ட், பக்கம் திறந்ததுமே ஓடத் தொடங்கிவிட்டது, அவ்வளவுதான். கூகுள் முதலில் கமெண்டுகளை மறைத்தது. சுமார் இரண்டு மணி நேரத்தில் ஓட்டையை அடைத்தது.

கமெண்டை வாசிக்கலாம், அது எப்படி ஓடும்?

சர்வர் அனுப்பும் பக்கத்தில், வாசிக்க வேண்டிய எழுத்தும் பிரவுசருக்கான கட்டளையும் கலந்தே வருகின்றன. இரண்டையும் பிரித்துக் காட்டுவது `<` என்ற குறி. அதைத் தொடர்ந்து ஒரு டேக்கின் பெயர் வந்தால், பிரவுசர் அதைக் கட்டளை என்று எடுத்துக்கொள்ளும். எழுதியது தளத்தின் சொந்தக்காரரா, வழிப்போக்கரா என்று அதற்குத் தெரியாது. கமெண்டைக் காட்டும் வரி பி.எச்.பி.யில் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்:

```
<p><?php echo $comment; ?></p>
```

இப்போது ஒருவர் கமெண்ட் பெட்டியில் இதைத் தட்டுகிறார்:

```
அருமையான பாட்டு <script>alert('வணக்கம்')</script>
```

பக்கத்தில் தெரிவது 'அருமையான பாட்டு' மட்டும்தான். மீதி ஓடி, 'வணக்கம்' என்று ஒரு பெட்டி எழும்பும். வணக்கத்தோடு நின்றால் பரவாயில்லை. அந்த இடத்தில் இருக்கும் கட்டளை, பார்ப்பவர் லாகின் செய்திருந்தால் அவர் பெயரிலேயே எதையும் செய்யும். கமெண்டுகளைச் சரிபார்க்க நிர்வாகி அதே பக்கத்தைத் திறந்தால், அவருடைய அதிகாரத்தைக் கொண்டே புதிதாக ஒரு நிர்வாகியைச் சேர்த்துவிடலாம். கமெண்ட் டேட்டாபேஸில் தங்கிவிடுவதால், திறக்கும் ஒவ்வொருவரிடமும் இது ஓடும். அதனால்தான் இதற்கு 'ஸ்டோர்டு கிராஸ்-சைட் ஸ்கிரிப்டிங்' என்று பெயர்.

பலருக்கும் முதலில் தோன்றும் வழி, `<script>` என்ற சொல்லைத் தேடி வெட்டுவது. யூடியூபிலும் முதல் `<script>` முடக்கப்பட்டது; அடுத்து வந்தது தப்பியது. அதையும் பிடித்தாலும் வேலை முடியாது. இதைப் பாருங்கள்:

```
<img src=x onerror=alert(1)>
```

இதில் அந்தச் சொல்லே இல்லை. `x` என்ற படம் கிடைக்காது. கிடைக்காவிட்டால் செய் என்று சொன்னது நடந்துவிடும். கெட்ட சொற்களுக்குப் பட்டியல் போட்டு முடியாது.

ஓட்டை இருப்பது கமெண்டை வாங்கும் இடத்தில் அல்ல, பக்கத்தில் அச்சிடும் இடத்தில். அடைக்க வேண்டியதும் அங்கேதான்:

```
<p><?php echo htmlspecialchars($comment, ENT_QUOTES, 'UTF-8'); ?></p>
```

இதுதான் எஸ்கேப்பிங். `<`, `>`, `&`, இரண்டு வகை மேற்கோள் குறிகள் ஆகிய ஐந்தையும் மாற்று வடிவில் எழுதுகிறது. `<` என்பது `&lt;` ஆகிறது. பிரவுசர் அதைப் பார்த்து `<` என்று வரைந்து காட்டும், கட்டளையாக எடுக்காது. எழுதியவர் தட்டியது ஒரு எழுத்துக்கூடக் குறையாமல் திரையில் தெரியும், ஆனால் ஓடாது. டேட்டாபேஸில் உள்ளதைத் தொடாததால், ஐந்து வருடத்துக்கு முன் யாரோ விட்டுப்போன விஷமும் அந்தப் பக்கத்தில் அன்றே செத்துப்போகும்.

இதற்கு ஒரு எல்லை உண்டு. கமெண்ட் போடுபவரின் இணையதள முகவரியையும் வாங்கி `href`-இல் வைத்தால், `javascript:` என்று தொடங்கும் முகவரி இந்த ஐந்து குறிகளும் இல்லாமலே உள்ளே வந்துவிடும். அங்கே முகவரி `http://` அல்லது `https://` என்று தொடங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஜாங்கோ, ரியாக்ட் போன்றவை தாமாகவே எஸ்கேப் செய்கின்றன. ஆனால் அவசரத்தில் யாராவது `|safe` அல்லது `dangerouslySetInnerHTML` என்று எழுதினால் அந்தக் காவல் விலகிவிடும். பழைய கோடில் முதலில் தேட வேண்டியவை இந்த இரண்டும்தான்.

உங்களுக்கென்று ஒரு தளம் இருந்தால், இன்றே கமெண்ட் பெட்டியில் `<u>வணக்கம்</u>` என்று தட்டிப் பாருங்கள். தட்டியபடியே தெரிந்தால் அந்த இடம் பத்திரம். `&lt;u&gt;` என்று தெரிந்தால் இரண்டு முறை எஸ்கேப் ஆகியிருக்கிறது. அது அழகைக் கெடுக்கும், ஆபத்தில்லை. வணக்கத்துக்குக் கீழே கோடு விழுந்தால், அந்த டேக்கை நீங்களே தெரிந்து அனுமதித்தீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால் கதவு திறந்து கிடக்கிறது. பொழுது சாய்வதற்குள் அந்த ஒரு வரியைத் திருத்திவிடுங்கள்.