மிதக்கும் செற்றி

ஒப்பந்தத் தவணைக்கு முன்பே வீட்டை விட்டுப் போக வேண்டி வந்தால், சுவிஸ் கடப்பாட்டுச் சட்டத்தின் 264ஆம் பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது. வாடகை கட்டும் வசதியுள்ள, அதே நிபந்தனைகளை ஏற்கும் பொருத்தமான ஒருவரை நாமே தேடிக் கொடுத்தால் எமது பொறுப்பு நீங்கும். இல்லையேல் வாடகை எமது தலையில்தான். எனவே வெற்று அறையைப் படமெடுத்து, கணனியில் தளபாடங்களை வைத்து விளம்பரம் போடுகிறார்கள். ஆனால் பல படங்களில் செற்றி தரையில் நிற்பதில்லை, மிதக்கிறது!

இதைத் திருத்த ஓர் அடிமட்டம் போதும். கமராவைச் சாய்க்காமல் எடுத்த படத்தை அச்செடுங்கள். தரைப் பலகைகளின் கோடுகளை நீட்டினால் அவை தூரத்தில் ஒரு புள்ளியில் சந்திக்கும். அதனூடாகக் குறுக்கே ஒரு கோடு கீறுங்கள். இதுவே கண்மட்டம், அதாவது கமரா இருந்த உயரம்.

அறைக்கதவின் உயரம் 200 சென்ரிமீற்றர் என்று அளந்திருக்கிறீர்கள். அது படத்தில் 100 மில்லிமீற்றர். கதவடியிலிருந்து கண்மட்டம் வரை 70. அப்படியானால் கமரா 140 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்திருக்கிறது. இனி, செற்றியின் முன்கால்களை வைக்கும் இடம் கண்மட்டத்துக்கு 84 மில்லிமீற்றர் கீழே என்று கொள்வோம். அந்த இடத்தில் 84 மில்லிமீற்றர் என்பது 140 சென்ரிமீற்றர். ஆகவே நேரே பார்த்து நிற்கும் 200 சென்ரிமீற்றர் செற்றியின் முன்பக்கம் 120 மில்லிமீற்றர் அகலம் வரவேண்டும். 90 மில்லிமீற்றரில் ஒட்டினால் அது 150 சென்ரிமீற்றர் செற்றி. அறை பெரிதாகத் தெரியும், வந்து பார்ப்பவர் ஏமாறுவார். வீடு தேடும் நீங்களும் இதே கணக்கைப் பிறர் விளம்பரத்தில் போட்டுப் பார்க்கலாம். கதவின் உயரம் தெரியாவிட்டால் 200 என்று வைத்தாலும் பெரிதாகப் பிழைக்காது.

அளவு சரியானாலும் கோணம் பிழைக்கலாம். கண்மட்டத்துக்குக் கீழே உள்ள எதனதும் மேற்பரப்பு எமக்குத் தெரியும். தாழ்வாக இருந்து எடுத்த செற்றிப் படத்தில் இருக்கை ஒரு கோடாகத்தான் தெரியும்; அதை 140 சென்ரிமீற்றர் உயரத்துப் படத்தில் ஒட்டினால் பின்னால் சாய்வதுபோலக் கிடக்கும். பின்கால்கள் முன்கால்களைவிடப் படத்தில் சற்று மேலே நிற்கவேண்டும்.

பிறகு நிழல். கால் தரையைத் தொடும் இடத்தில் மெல்லிய, மிகக் கறுத்த நிழல். வெளியே போகப்போக அது மங்கவேண்டும். எல்லா இடமும் ஒரே சாம்பல் நிறமாய்ப் பூசுவதுதான் வழக்கமான தவறு. யன்னல் இடப்பக்கம் என்றால் நிழல் வலப்பக்கம் நீளும். மினுக்கிய பலகைத் தரையானால் காலின் மங்கிய பிரதிபலிப்பும் வேண்டும்.

அகலக் கோண வில்லையில் எடுத்த படத்தின் ஓரங்கள் இழுபட்டிருக்கும். அங்கே இந்தக் கணக்கு சரிவராமல் போகலாம். தளபாடத்தை நடுப்பகுதியில் வையுங்கள். படத்தின் கீழே “தளபாடங்கள் கணனியில் சேர்க்கப்பட்டவை” என்று ஜேர்மன் மொழியில் எழுதி, வெற்று அறையின் படத்தையும் பக்கத்தில் போடுங்கள்.