வீடு முழுக்க ஒரே கோடு

டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகுதான் பல வீடுகளில் அந்தக் குறை கண்ணில் படும். ஹாலிலிருந்து படுக்கையறைக்குப் போகும் இடத்தில் விரல் தடிமனுக்கு ஒரு படி நிற்கும். ஒரு கதவு தரையை உரசும், அடுத்த கதவின் அடியில் எலி நுழையும் அளவுக்கு இடைவெளி கிடக்கும். ஹாலைக் கழுவினால் தண்ணீர் வாசல் பக்கம் வராமல் பூஜை அறைக்குள் ஓடும். ஒவ்வொரு அறையையும் தனித்தனியே பார்த்தால் கொத்தனார் மட்டமாகத்தான் போட்டிருப்பார். அறைகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தால்தான் பிசகு தெரியும். எல்லா அறைக்கும் பொதுவான ஓர் அளவுக்கோடு இல்லாமல் வேலை தொடங்கியதுதான் காரணம்.

அந்தக் கோட்டை வீடு முழுக்கக் கொண்டுபோகவும், அதை வைத்துத் தரையைச் சரிபார்க்கவும் வேலையிடத்தில் மூன்று கருவிகள் உண்டு: தண்ணீர் நிரப்பிய லெவல் டியூப், ரசமட்டம், லேசர் லெவல். புதிதாக வந்தது பழையதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும் என்ற கணக்கு இங்கே செல்லாது. மூன்றுக்கும் மூன்று வேலை. பூச்சு முடிந்து, டைல்ஸ் போடக் காத்திருக்கும் ஒரு தரைத்தள வீட்டை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். முன்பக்கம் வராந்தா, உள்ளே ஹால், சமையலறை, இரண்டு படுக்கையறை.

முதல் புள்ளி

முன்வாசல் நிலைக்குப் பக்கத்துச் சுவரில், கிட்டத்தட்ட இடுப்பு உயரத்தில் ஒரு கோடு கிழிக்கிறார் மேஸ்திரி. அது தரையிலிருந்து சரியாக இத்தனை உயரம் என்று இப்போதே தீர்மானிக்க வேண்டியதில்லை. எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். இனி வீட்டில் எந்த உயரத்தை அளந்தாலும் இந்தக் கோட்டிலிருந்துதான். அடுத்து இதே உயரத்தை எல்லா அறைச் சுவர்களிலும் குறிக்க வேண்டும். சுவர்கள் மறைக்கின்றன, மூலைகள் திரும்புகின்றன. இங்கேதான் லெவல் டியூப் கைகொடுக்கிறது.

டியூப் என்பது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய். உள்துளை 8 முதல் 10 மி.மீ. வரை இருக்கும். இந்த அளவு வீட்டுக்கு 15 முதல் 20 மீட்டர் நீளம் தேவைப்படும். இரண்டு முனையும் திறந்திருந்தால் உள்ளிருக்கும் தண்ணீர் இரு பக்கமும் ஒரே உயரத்தில் வந்து நிற்கும். நடுவில் குழாய் தரையில் கிடந்தாலும், மூலை திரும்பினாலும், ஜன்னல் வழியே ஏறி இறங்கினாலும் அந்த உயரம் மாறாது. கண்ணுக்குத் தெரியாத அறைக்கும் மட்டம் கொண்டுபோக இதைவிட எளிய வழி கிடையாது.

வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முதல் கோட்டில் முனையைப் பிடிக்கிறார், மற்றவர் படுக்கையறைச் சுவரில். முதல் ஆள்தான் குரல் கொடுக்க வேண்டும். "கொஞ்சம் ஏத்துப்பா... போதும், நிறுத்து." தன் பக்கத்துத் தண்ணீர் சரியாகக் கோட்டில் வந்து ஆடாமல் நின்றதும் "அடி" என்கிறார். "சரிண்ணே" என்று மற்றவர் தன் பக்கத்துத் தண்ணீர் நிற்கும் இடத்தில் பென்சிலால் குறிக்கிறார். முதல் ஆள் பார்க்காத நேரத்தில் குறித்தால் அது செல்லாது. ஒரு முனையை உயர்த்தினால் மறுமுனையிலும் தண்ணீர் நகரும் என்பதால் இரண்டையும் ஒரே கணத்தில் பார்த்தாக வேண்டும். குழாய்க்குள் தண்ணீரின் மேற்பரப்பு ஓரங்களில் சற்று ஏறி நடுவில் குழிந்திருக்கும். இருவரும் குழிவின் அடியைத்தான் பார்க்க வேண்டும், கண்ணும் அதே உயரத்தில் இருக்க வேண்டும்.

டியூப் பொய் சொல்லும் நேரங்கள்

தண்ணீர் பொய் சொல்லாது என்று சொல்வதுண்டு. தண்ணீர் சொல்லாது, குழாய் சொல்லும். முதல் எதிரி காற்றுக்குமிழி. குழாயின் முழுத் துளையையும் அடைத்துக்கொண்டு, சுவரோரம் மேலேறும் பகுதியில் 10 மி.மீ. நீளத்துக்குக் காற்று நின்றால், அந்தப் பக்கம் தண்ணீர் கிட்டத்தட்ட அதே 10 மி.மீ. உயர்ந்து காட்டும். அதனால் குழாயை நேரடியாகக் குழாயடியில் வைத்து நிரப்பாமல், உயரத்தில் வைத்த வாளியிலிருந்து மெதுவாக இறங்கவிட்டு நிரப்புவார்கள். பிறகு முழு நீளத்தையும் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுவார்கள்.

இரண்டாவது கட்டைவிரல். இடம் மாறும்போது தண்ணீர் சிந்தாமலிருக்க முனைகளை விரலால் அடைப்பார்கள். போய்ச் சேர்ந்ததும் ஒருவர் எடுக்க மறந்தாலும் அளவு தவறிவிடும்.

மூன்றாவது வெயில், பலரும் கவனிக்காதது. வராந்தாவில் பிடித்திருக்கும் முனை உச்சிவெயிலில் சுட்டுக்கிடக்கிறது, மறுமுனை அறைக்குள் குளிர்ச்சியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சூடான தண்ணீர் விரிந்து எடை குறைவாக இருப்பதால், அந்தப் பக்கம் கூடுதல் உயரத்தில் நிற்கும். இரு பக்கத் தண்ணீருக்கும் 20 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருந்தால், நிமிர்ந்து நிற்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 7 மி.மீ. பிசகும். கொத்தனார் கணக்கில் இரண்டு நூலுக்கும் மேல். மட்டம் எடுக்கும் வேலையைக் காலையிலேயே முடிப்பதும், வெயிலில் கிடந்த குழாயில் புதுத் தண்ணீர் நிரப்புவதும் இதற்காகத்தான்.

இவை எல்லாவற்றையும் பிடிக்க ஒரு சோதனை போதும். தொடங்கும் முன்பும் முடித்த பின்பும் இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துப் பிடியுங்கள். தண்ணீர் இரண்டிலும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் உள்ளே காற்றோ, மடிப்போ, வெப்ப வித்தியாசமோ இருக்கிறது.

இன்னொரு ஒழுங்கும் உண்டு. ஹாலிலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து படுக்கையறை என்று சங்கிலியாகப் போகாமல், ஒவ்வொரு அறைக்கும் முதல் கோட்டிலிருந்தே எடுக்க வேண்டும். சங்கிலியாகப் போனால் பிசகும் சேர்ந்துகொண்டே போகும். கடைசியில், தூரத்து அறையில் குறித்த கோட்டிலிருந்து டியூப்பை வேறு வழியாகத் திருப்பி முதல் கோட்டுக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். ஒரு நூலுக்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி எடுப்பதே நல்லது.

கோட்டிலிருந்து தரைக்கு

இப்போது எல்லா அறையிலும் ஒரே உயரத்தில் கோடு இருக்கிறது. டேப்பை எடுத்து, கோட்டிலிருந்து கீழே கான்கிரீட் தளம் வரை பல இடங்களில் அளக்கிறோம். ஹாலில் 106 செ.மீ., முன் படுக்கையறையில் 105.5, சமையலறையில் 104, பின் படுக்கையறையில் 107.5. அளவு எங்கே மிகக் குறைவோ அங்கேதான் தளம் மிக உயரம். இந்த வீட்டில் அது சமையலறை.

டைல்ஸ் தடிமன் 1 செ.மீ., அடியில் கலவை குறைந்தது 3 செ.மீ. என்று வைத்தால், மொத்தம் 4 செ.மீ. ஆகச் சமையலறையில் தரை, கோட்டிலிருந்து 100 செ.மீ. கீழே முடியும். வீடு முழுக்க அதே அளவுதான். பின் படுக்கையறையில் தளத்துக்கும் தரைக்கும் நடுவே 7.5 செ.மீ. இடைவெளி வருகிறது. அதை முழுக்கக் கலவையால் நிரப்பாமல், முதலில் கான்கிரீட் போட்டுத் தூக்கிக்கொள்ளலாம். இந்தக் கணக்கைப் போடாமல் பின் படுக்கையறையில் வேலையைத் தொடங்கி, அங்கும் 4 செ.மீ. மட்டுமே வைத்திருந்தால், அந்த அறை சமையலறையைவிட 3.5 செ.மீ. பள்ளத்தில் போய்விடும். டைல்ஸ் ஒட்டிய பிறகு அதைத் திருத்த வழியில்லை, உடைக்கத்தான் வேண்டும்.

லேசர் செய்யும் வேலை

டியூப் புள்ளிகளைத்தான் தரும். ஓர் அறையின் நாலு சுவரிலும் இடைவிடாத கோடு வேண்டுமென்றால் லேசர் லெவல் வேகமானது, ஓர் ஆளே போதும். கருவியை முக்காலியில் நிறுத்தி, ஒளிக்கோடு சுவரிலுள்ள குறியின் மேல் விழும்படி உயரத்தைச் சரிசெய்தால், சுற்றிலும் அதே உயரம் தெரியும். கதவு திறப்பு வழியாக அடுத்த அறையிலும் கொஞ்சம் விழும். உள்ளே ஊசல்போல் தொங்கும் பாகம் தானாகவே மட்டத்துக்கு வந்துவிடும், ஆனால் சுமார் 4 டிகிரி சாய்வு வரைதான். அதற்கு மேல் சாய்ந்தால் கோடு மினுக்கி எச்சரிக்கும். பகல் வெளிச்சத்தில், குறிப்பாக வராந்தாவில், கோடு கண்ணுக்கே தெரியாது. தூரம் போகப் போகக் கோடு தடித்தும் விடும். தடித்த கோட்டின் நடுவைத்தான் எப்போதும் குறிக்க வேண்டும்.

சாதாரண கருவிகளுக்கு 10 மீட்டரில் 3 மி.மீ. வரை பிசகு அனுமதி உண்டு. ஒருமுறை கீழே விழுந்தால் அது கூடிவிடும். ஆனாலும் கோடு முன்போலவே பளிச்சென்று நேராகத் தெரியும். ஆகவே சோதித்துவிட்டே நம்ப வேண்டும். 5 மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே இருக்கும் இரண்டு சுவர்கள் போதும். முதல் சுவரின் அருகே கருவியை வைத்து அச்சுவரில் கோடு விழும் இடத்தைக் குறியுங்கள். அப்படியே திருப்பி எதிர்ச்சுவரிலும் குறியுங்கள். பிறகு கருவியை எதிர்ச்சுவரின் அருகே கொண்டுபோய், அங்குள்ள குறியில் கோடு விழும்படி உயரத்தைச் சரிசெய்துகொண்டு, மறுபடி முதல் சுவர் பக்கம் திருப்புங்கள். இப்போது விழும் கோடு முதல் குறியோடு ஒன்ற வேண்டும். விலகினால், அந்த விலகல் 10 மீட்டருக்கான பிசகு. 3 மி.மீ.க்கு மேல் இருந்தால் கருவியைப் பழுதுபார்க்க அனுப்ப வேண்டும்.

ரசமட்டத்தின் இடம்

டைல்ஸ் பதிக்கும்போது கையில் இருப்பது ரசமட்டம். ஒரு டைலும் பக்கத்து டைலும் மட்டமா என்று உடனே காட்டும். வீட்டின் முழு மட்டத்தை அதை நம்பித் தீர்மானிக்கத்தான் கூடாது. மீட்டருக்கு 1 மி.மீ. பிசகும் ரசமட்டத்தை ஒரே திசையில் வைத்துக்கொண்டே 6 மீட்டர் ஹாலைக் கடந்தால், கடைசியில் 6 மி.மீ. விலகியிருக்கும். ஆனால் எந்த இடத்திலும் குமிழி நடுவில் இருப்பதாகவே தோன்றும்.

இதைச் சோதிப்பது எளிது. ஒரு பரப்பில் வைத்துக் குமிழி எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்று பாருங்கள், வாசல் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். அதே இடத்தில் முனை மாற்றித் திருப்பி வையுங்கள். குமிழி இப்போதும் வாசல் பக்கமே அதே அளவு ஒதுங்கினால் கருவி சரி, பரப்புதான் சாய்வு. குமிழி கருவியோடு சேர்ந்து எதிர்ப்பக்கம் போனால் பிசகு கருவியில்.

குளியலறையில் இதே ரசமட்டத்தால் வாட்டமும் வைக்கலாம். மீட்டருக்கு 1 செ.மீ. இறக்கம் வேண்டுமென்றால், ஒரு மீட்டர் ரசமட்டத்தின் தாழ்ந்த முனையின் கீழ், அதாவது தண்ணீர் போகும் துளைப் பக்கம், 1 செ.மீ. கட்டை வையுங்கள். குமிழி நடுவில் நின்றால் வாட்டம் சரி.

டைல்ஸ் ஒட்டும் நாள்களில் வீட்டுக்காரர் டேப்போடு நின்று, கோட்டிலிருந்து முடிந்த தரைக்கு ஒவ்வொரு அறையிலும் நாலு இடத்தில் அளந்தால் போதும். குளியலறை தவிர எல்லா இடத்திலும் 100 வர வேண்டும். 99.5 அல்லது 100.5 வந்தால், கலவை ஈரமாக இருக்கும்போதே தட்டியோ தூக்கியோ சரிசெய்துவிடலாம். பெயின்டர் அந்தக் கோட்டை அழிக்கும் முன் சுவிட்ச் பெட்டி, சமையல் மேடை, ஜன்னல் அடிக்கல் எல்லாவற்றின் உயரத்தையும் அதிலிருந்தே எடுத்து முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.