விதை இறங்காத ஆண் குழந்தை: எதுவரை காத்திருக்கலாம்?

ஆண் குழந்தை பிறந்ததும் வைத்தியசாலையில் தலை முதல் கால் வரை ஒருமுறை சோதித்துப் பார்ப்பார்கள். அப்போது விதைப்பையையும் தொட்டுப் பார்ப்பது வழக்கம். இரண்டு பக்கத்திலும் கச்சான் பருப்பளவில் ஒவ்வொரு விதை கையில் தட்டுப்பட வேண்டும். சில குழந்தைகளுக்கு ஒரு பக்கம் வெறும் பையாக இருக்கும். சிலருக்கு இரண்டு பக்கமும் அப்படியிருக்கும். இதைத்தான் விதை இறங்காமை என்கிறார்கள்.

எங்கள் தாய்மார் காய்ச்சல், வயிற்றோட்டம் என்றால் உடனே கேட்பார்கள். இதைக் கேட்கமாட்டார்கள். கணவனை இழந்து தாயும் அம்மம்மாவுமாகப் பிள்ளை வளர்க்கும் வீடுகளில் இதை யாரிடம் சொல்வது என்ற கூச்சம் இன்னும் அதிகம். நான் வைத்தியர் அல்ல, சமூகவியல் படித்தவள். ஆனால் இப்படியான தாய்மார் சிலருடன் கிளினிக் வாசலில் காத்திருந்து, உள்ளே வைத்தியர்கள் விளக்கியதைக் கூடவே இருந்து கேட்டிருக்கிறேன். அதனால் இதனை எழுதுகிறேன்.

கருவிலே ஆண் குழந்தையின் விதைகள் உருவாவது விதைப்பையில் அல்ல. வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்குக் கிட்டவே அவை உருவாகின்றன. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் தொடையிடுக்கு வழியாக மெல்ல இறங்கிப் பைக்குள் வந்து சேரும். ஆகவே மாதம் நிறையாமல் பிறக்கும் பிள்ளைக்கு அந்தப் பயணம் பாதியிலே நிற்பது இயல்பு. நிறைமாதத்தில் பிறக்கும் 100 ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ 3 பேருக்கு இக்குறை காணப்படும். குறைமாதக் குழந்தைகள் 100 பேரை எடுத்தால் 30 பேர் வரைக்கும் இருக்கலாம். அவர்களில் பெரும்பாலானோருக்குப் பிறந்த பிறகு தானாகவே இறங்கிவிடும். முதல் சில மாதங்களில் ஆண் குழந்தையின் உடம்பில் ஆண் ஹோர்மோன் ஒரு முறை உயர்ந்து பின்னர் தணியும். அந்தக் காலத்துக்குள் இறங்கக் கூடியவை இறங்கிவிடும். ஆறு மாதம் கடந்தும் மேலே நிற்கும் விதை அதன் பிறகு தானாக இறங்குவது மிக அரிது.

இந்த ஆறு மாதத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் பல தாய்மாருக்குக் குழப்பம். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளையின் கதையைச் சொன்னால் இது விளங்கும்.

அந்தத் தாய் கிளிநொச்சிப் பக்கம் மீள்குடியேறிய ஒரு கிராமத்தில் இருப்பவர். வயது 24. கணவர் கொழும்பில் கட்டட வேலை. பிள்ளைக்குக் கொடுத்திருந்த திகதி மார்ச் 7. ஆனால் ஜனவரி 10 அன்றே, எட்டு வாரம் முந்தி, பிள்ளை பிறந்துவிட்டது. பிறக்கும்போது இரண்டு விதையும் பையில் இல்லை. வைத்தியர்கள் பிள்ளையை நன்றாகச் சோதித்து, இரண்டும் தொடையிடுக்கில் தட்டுப்படுவதைக் கண்டு, பதிவேட்டில் எழுதி அனுப்பினார்கள். ஏப்ரல் மாதம் இடது பக்க விதை இறங்கிவிட்டது. வலது பக்கம் இறங்கவில்லை. ஜூலை மாதம் ஆறாம் மாத ஊசிக்குப் போன இடத்தில், "அக்கா, ஆறு மாதம் முடிஞ்சுது, இனி வெட்டத்தான் வேணுமோ?" என்று அழாத குறையாக என்னிடம் கேட்டார்.

ஊசிக்குப் பிறந்த நாளிலிருந்து கணக்கெடுப்பார்கள். விதைக்கு அப்படியல்ல. பிள்ளை பிறக்க வேண்டியிருந்த திகதியிலிருந்து எண்ண வேண்டும். ஆகவே ஜூலையில் இந்தப் பிள்ளைக்கு நாலு மாதக் கணக்குத்தான். செப்டெம்பர் 7 வரை பொறுத்துப் பார்க்கலாம் என்று வைத்தியர் சொன்னார். செப்டெம்பரிலும் அது தொடையிடுக்கிலேயே நின்றது. அன்றே சிறுவர் சத்திரசிகிச்சை நிபுணருக்குக் கடிதம் எழுதினார். இந்த நிபுணர்கள் எல்லா வைத்தியசாலைகளிலும் இருப்பதில்லை. பெரிய வைத்தியசாலைக்குப் போய்த் திகதி எடுத்துக் காத்திருக்க நேரிடும். அதனால்தான் ஆறு மாதத்தில் கடிதம் கையில் இருக்க வேண்டும் என்கிறார்கள். இப்பிள்ளைக்கு டிசெம்பரில் சத்திரசிகிச்சை நடந்தது.

இடையில் வீட்டில் பெரிய வாக்குவாதம். "இவன்ர தகப்பனுக்கும் உப்பிடித்தான் இருந்தது, பிறகு இறங்கினதுதானே. ரெண்டு வயது மட்டும் விடு பிள்ளை" என்றார் மாமியார். அவரைக் குறை சொல்ல முடியாது. முன்னைய காலத்தில் வைத்தியர்களும் பல வருடம் பொறுத்துப் பார்க்கச் சொன்னதுண்டு. இன்றைய அறிவு வேறு. பிறக்க வேண்டிய திகதியிலிருந்து எண்ணி ஆறு மாதத்துக்குப் பின், முடிந்தால் ஒரு வயதுக்குள், பிந்தினாலும் ஒன்றரை வயதுக்குள் செய்துவிட வேண்டும் என்பதே இப்போதைய மருத்துவ ஆலோசனை. தகப்பனுக்கு இருந்தது என்பதும் ஆறுதலான செய்தியல்ல. தகப்பனுக்கோ தமையனுக்கோ இருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்புக் கூடும்.

ஏன் இந்த அவசரம்? விதைக்கு உடம்புச் சூட்டை விட இரண்டு மூன்று பாகை குறைந்த சூடு வேண்டும். அதற்காகவே அது உடம்புக்கு வெளியே பையில் தொங்குகிறது. உள்ளே சூட்டில் கிடந்தால், பிற்காலத்தில் விந்தணுவை உண்டாக்க வேண்டிய கலங்கள் முதல் வருடத்திலிருந்தே குறையத் தொடங்குகின்றன. பிற்காலத்தில் அந்த விதையில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் மற்றவர்களை விடச் சற்றுக் கூட. அப்படி வருவோர் மிகச் சிலரே என்றாலும், பருவமடையும் முன் இறக்கி வைத்தால் அந்த வாய்ப்புக் குறைகிறது. ஒரு பக்கம் மட்டும் இறங்காத பிள்ளைகளில் பெரும்பாலானோர் வளர்ந்து தகப்பனாகிறார்கள். இதனைப் பேத்தியாருக்குச் சொன்ன பிறகுதான் வீடு அமைதியானது.

அந்தத் தாய்க்கு இன்னொரு கேள்வி இருந்தது. கர்ப்ப காலத்தில் தண்ணீர் சுமந்ததாலா, முகாமில் வளர்ந்த தனது உடம்பில் ஏதும் குறையா என்று. பெரும்பாலான பிள்ளைகளில் இதற்கு ஒரு காரணத்தைச் சுட்டிக்காட்ட முடிவதில்லை. மாதம் நிறையாமலும் நிறை குறைந்தும் பிறந்த பிள்ளைகளில் அதிகம் காணப்படுகிறது. தாய் வாளி தூக்கியதால் வருவதல்ல.

விதை பையில் இல்லாதது போலத் தோன்றினாலும் உண்மையில் குறை இல்லாத பிள்ளைகளும் உண்டு. குளிருக்கும் பயத்துக்கும் விதையை மேலே இழுக்கும் ஒரு தசை இருக்கிறது. இப்படிப்பட்ட பிள்ளைக்கு இளஞ்சூட்டுத் தண்ணீரில் குளிக்கும்போதும் அயர்ந்து தூங்கும்போதும் இரண்டும் பையில் தெரியும். இவர்களுக்குச் சத்திரசிகிச்சை தேவையில்லை. ஆனால் வளரும்போது சிலருக்கு அது மேலேயே தங்கிவிடக் கூடும் என்பதால் வருடத்துக்கொரு முறை காட்ட வேண்டும். குளிப்பாட்டும்போது கண்ணால் பார்த்துக்கொள்வதே தாயின் வேலை. அமத்தித் தேட வேண்டாம். வைத்தியர் கையைச் சூடாக்கி, இடுப்பெலும்புப் பக்கமிருந்து விரலால் மெதுவாக வருடிக் கீழே கொண்டுவந்து பார்ப்பார். வருடும்போது பைக்குள் வந்து அங்கேயே நிற்கிறதா, விட்டவுடன் மேலே ஓடுகிறதா என்பதை வைத்துத் தீர்மானிப்பார்.

கடன்பட்டுத் தனியார் இடத்தில் ஸ்கான் எடுத்துக்கொண்டு வந்த ஒரு தாயையும் கண்டேன். சாதாரணமாக இதற்கு ஸ்கான் அவசியமில்லை. ஸ்கானில் தெரியாததால் விதை இல்லை என்றும் சொல்ல முடியாது. அனுபவமுள்ள வைத்தியரின் கைதான் முக்கியம். இறக்குவதற்கென்று ஹோர்மோன் ஊசி போடுவதும் இப்போது பொதுவாகச் சிபாரிசு செய்யப்படுவதில்லை.

இனி சத்திரசிகிச்சை. பிள்ளையை முழுமையாக மயக்கித்தான் செய்வார்கள். ஆகவே முதலில் வயிறு வெறுமையாக இருக்க வேண்டும். பொதுவாகத் தாய்ப்பாலை நாலு மணித்தியாலத்துக்கும், மாப்பாலையும் சோற்றையும் ஆறு மணித்தியாலத்துக்கும் முன் நிறுத்தச் சொல்வார்கள். வாட்டில் சொல்லும் நேரத்தை அப்படியே கடைப்பிடியுங்கள். இரக்கப்பட்டு ஒரு வாய் கொடுத்தால் அன்றைய சத்திரசிகிச்சையே தள்ளிப்போகும். தடிமனும் சளியும் இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். தொடையிடுக்கில் ஒரு சிறு வெட்டுப் போட்டு, விதையை அதன் இரத்தக் குழாய்களோடு விடுவித்து, பையில் இன்னொரு சிறு வெட்டின் வழியாக இடம் செய்து அங்கே இருத்துவார்கள். குடலிறக்கத்துக்கு வழியாகத் திறந்திருக்கும் பாதை இருந்தால் அதையும் அப்போதே கட்டிவிடுவார்கள். ஏறத்தாழ ஒரு மணித்தியால வேலை. பல பிள்ளைகள் அன்றே அல்லது மறுநாள் வீடு திரும்புகிறார்கள். கையில் தட்டுப்படாமல் வயிற்றுக்குள் இருக்கும் விதையானால், சிறு துவாரத்தால் கமரா விட்டுப் பார்த்துச் செய்வார்கள். அது சில வேளை ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவையாக நடக்கும்.

வீட்டுக்கு வந்த பின் பையில் கொஞ்சம் வீக்கமும் கண்டலும் இருக்கும், பயப்படத் தேவையில்லை. தையல் பெரும்பாலும் தானாகக் கரையும். எங்கள் பழக்கப்படி பிள்ளையை இடுப்பில் கால் அகட்டி வைத்துத் தூக்குவதை இரண்டு கிழமைக்கு விட்டுவிட வேண்டும். இரு கைகளிலும் ஏந்தித் தூக்குங்கள். சிவந்து சூடாகி வீக்கம் கூடினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றே கொண்டுபோக வேண்டும். சில மாதம் கழித்து விதை வைத்த இடத்தில் நிற்கிறதா என்று பார்க்கக் கூப்பிடுவார்கள். பிள்ளை ஓடித் திரிகிறான் என்று அந்தக் கிளினிக்கைத் தவற விடுவோர் பலர். சிலருக்கு விதை மறுபடி மேலே ஏறுவதும், சுருங்கிப் போவதும் உண்டு. அதைக் கண்டுபிடிப்பது அங்கேதான்.

காத்திருக்கவே கூடாத இடங்கள் இரண்டு. பிறந்த குழந்தைக்கு இரண்டு பக்கமும் விதை தட்டுப்படாவிட்டால், அல்லது விதை இறங்காததோடு சலம் போகும் துவாரமும் ஆண்குறியின் நுனியில் இல்லாமல் கீழே இருந்தால், வைத்தியசாலையை விட்டு வரும் முன்பே சோதித்துக் கேட்க வேண்டும். பார்வைக்கு ஆண் போலத் தெரியும் குழந்தை, உண்மையில் பெண்ணாக, ஹோர்மோன் குறைபாட்டுடன் பிறந்ததாக இருக்கலாம். அப்படியானால் முதல் சில கிழமைகளுக்குள் உடம்பின் உப்புக் குறைந்து உயிருக்கே ஆபத்தாகும். மற்றது, எந்த வயதிலும் தொடையிடுக்கில் கட்டியாக வீங்கி, பிள்ளை விடாமல் அழுது, சத்தி எடுத்தால் அது குடல் இறுகியதாகவோ விதை முறுகியதாகவோ இருக்கக் கூடும். கிளினிக் நாளைப் பார்க்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு ஓடுங்கள்.

2008, 2009 ஆண்டுகளில் இடம்பெயர்வுக்குள் பிறந்த ஆண் பிள்ளைகள் பலருக்கு ஒழுங்கான கிளினிக் கிடைக்கவில்லை. பதிவேடே தொலைந்த குடும்பங்கள் எத்தனையோ. அவர்களிலும் அவர்களுக்குப் பின் பிறந்தவர்களிலும் இப்படி ஒருவர் கவனிக்கப்படாமல் வளர்ந்திருக்கலாம். மீசை அரும்பிய மகனிடம் தாய் நேரே கேட்பது கடினம்தான். மாமனோ, குடும்பநல உத்தியோகத்தரோ மூலம் கேட்கலாம். இறங்காமல் இருந்தால் இப்போதும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். அந்த வயதில் இறக்கி வைப்பதா அகற்றுவதா என்பதை அவர் பார்த்துச் சொல்வார். சிறு வயதில் சத்திரசிகிச்சை செய்தவர்களும் பதின்ம வயதிலிருந்து மாதத்துக்கொரு முறை குளிக்கும்போது தாங்களே தொட்டுப் பார்த்து, கட்டியோ கடினமோ தட்டுப்பட்டால் வைத்தியரிடம் போக வேண்டும். அதற்கு மகனுக்குத் தனக்குச் சின்ன வயதில் என்ன சத்திரசிகிச்சை நடந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். வைத்தியசாலை தந்த நோய் நிர்ணய அட்டையைப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தோடு சேர்த்து ஒரே உறையில் வைத்துவிடுங்கள்.