‘கரன்ட் பில்லைச் சமமாகப் பிரிக்கவும்’: இந்த ஒரு வரி நோட்டீஸில் எத்தனை சண்டை இருக்கிறது? வாடகை வீட்டு நோட்டீஸை மாற்றி எழுதுவது எப்படி?

மதுரை விளாங்குடியில் திண்டுக்கல் சாலையை ஒட்டிய தெருக்களில் நடந்தால் ஒரு காட்சி அடிக்கடி கண்ணில் படும். கீழே ஒரு வீடு, மாடியில் ஒரு வீடு, மொட்டைமாடியில் தகர ஷீட் போட்ட ஓர் அறை. மூன்று குடித்தனம், வாசலில் ஒரே ஒரு இ.பி. மீட்டர். 2011-ல் மதுரை மாநகராட்சியோடு இணைக்கப்படும் வரை தனிப் பேரூராட்சியாக இருந்த பகுதி இது. ஒரு குடும்பத்துக்கென்று கட்டிய வீட்டின் மேல் பிறகு மாடி எழுப்பினால், மீட்டர் மட்டும் பழையபடி ஒன்றாகவே நின்றுவிடுகிறது.

இப்படி ஒரு வீட்டை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். உரிமையாளர் வேறு ஏரியாவில் இருக்கிறார். மாடிப்படிச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது:

“குடியிருப்போர் கவனத்திற்கு: மின் கட்டணம், தண்ணீர்ச் செலவு ஆகியவற்றைச் சமமாகப் பிரித்து உரிய தேதிக்குள் செலுத்த வேண்டும். தவறினால் இணைப்பு துண்டிக்கப்படும். – வீட்டு உரிமையாளர்.”

பார்க்கச் சாதாரண நோட்டீஸ்தான். ஆனால் பில் வந்ததும், “அண்ணே, ஏசியே இல்லாத எங்க ரூமுக்கும் 1,277 ரூபாயா?” என்று மொட்டைமாடிப் பையன் போனைப் போடுவான். அவன் கேட்பதில் நியாயம் இருக்கிறதா? கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

ஒரே மீட்டர் என்றால் ஏன் பில் எகிறுகிறது?

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பார்கள். முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் யூனிட் கூடக்கூட யூனிட் விலையும் கூடும். மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் 101–200 யூனிட்டுக்கான சலுகை விலையும் போய்விடும்.

2022 செப்டம்பரில் அமலுக்கு வந்த விகிதத்தை வைத்தே கணக்கிடுவோம். 2024 ஜூலையில் கட்டணம் சற்று உயர்ந்துவிட்டது என்றாலும், பெரும்பாலும் முழு எண்கள் என்பதால் இந்த விகிதம் புரிந்துகொள்ள எளிது.

மூன்று குடித்தனத்துக்கும் தனித்தனி சப்-மீட்டர் உண்டு. இரண்டு மாதத்தில் மொட்டைமாடி அறை 120 யூனிட், கீழ் வீடு 220, ஏசி உள்ள மாடி வீடு 340. மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்கும் 40. வாசல் மீட்டர் காட்டுவது மொத்தம் 720.

பில் இப்படி வரும்: முதல் 100 இலவசம். அடுத்த 300 யூனிட் 4.50 ரூபாய் வீதம் 1,350. அடுத்த 100 யூனிட் 6 ரூபாய் வீதம் 600. அடுத்த 100 யூனிட் 8 ரூபாய் வீதம் 800. மீதி 120 யூனிட் 9 ரூபாய் வீதம் 1,080. ஆக மொத்தம் 3,830 ரூபாய்.

இதே மூன்று வீட்டுக்கும் தனித்தனி இணைப்பு இருந்திருந்தால்? மொட்டைமாடி அறைக்கு வெறும் 45 ரூபாய், கீழ் வீட்டுக்கு 315, மாடி வீட்டுக்கு 855. மோட்டார் செலவு நீங்கலாக மூன்றும் சேர்ந்து 1,215 ரூபாய்தான். மூன்று 100 யூனிட் இலவசம் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. மூவரின் யூனிட்டும் ஒன்றாகக் கூடி விலை உயர்ந்த படிக்குப் போய்விட்டது. இதில் உரிமையாளர் ஒரு பைசா எடுக்கவில்லை. வாடகைக்கு இருப்பவர்களும் வீணடிக்கவில்லை. ஒற்றை மீட்டர் செய்த வேலை இது.

அதனால் சமையலறை, வாசல், வயரிங் எல்லாம் தனியாகப் பிரிந்திருக்கும் வீடு என்றால், முதலில் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் தனி இணைப்பு கிடைக்குமா என்று கேட்பதுதான் சரி. அது வரும் வரைக்கும் நோட்டீஸ் தேவைப்படும்.

‘சமமாக’ என்ற சொல்லில் என்ன சிக்கல்?

3,830-ஐ மூன்றாக வகுத்தால் தலைக்கு 1,277 ரூபாய். 120 யூனிட் செலவழித்தவருக்கும் 340 செலவழித்தவருக்கும் ஒரே தொகை. அந்தப் பையன் கேட்டது நியாயம்தான்.

சில நோட்டீஸில் ‘யூனிட்டுக்கு 9 ரூபாய்’ என்று இருக்கும். அளந்து வாங்குவதால் நியாயம் மாதிரி தோன்றும். ஆனால் மூன்று சப்-மீட்டரின் 680 யூனிட்டையும் 9-ஆல் பெருக்கினால் 6,120 ரூபாய். வந்த பில்லோ 3,830. மிச்சம் 2,290 ரூபாய் எங்கே போனது என்ற கேள்வி கட்டாயம் வரும். உங்கள் வீட்டில் இது நடக்கிறதா என்று தெரிய ஒரே சோதனை போதும்: எல்லாரிடமும் வாங்கிய தொகையைக் கூட்டி, இ.பி. பில் தொகையோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

சரியாக வரும் வழி இதுதான். பில் தொகையை வாசல் மீட்டரின் மொத்த யூனிட்டால் வகுக்க வேண்டும். 3,830-ஐ 720-ஆல் வகுத்தால் 5.32 ரூபாய். இதுதான் அந்த இரண்டு மாதத்தின் சராசரி யூனிட் விலை. அவரவர் சப்-மீட்டர் யூனிட்டை இதனால் பெருக்கி, பொதுவான 40 யூனிட்டின் செலவை (சுமார் 213 ரூபாய்) மூன்றாகப் பிரித்துத் தலைக்கு 71 ரூபாய் சேர்த்தால் முடிந்தது. மொட்டைமாடி அறை 709, கீழ் வீடு 1,241, மாடி வீடு 1,880. கூட்டிப் பாருங்கள், சரியாக 3,830.

இந்த முறையில் இன்னொரு வசதி, கட்டணம் எப்போது மாறினாலும் நோட்டீஸைத் திருத்த வேண்டாம். பில் தொகையும் யூனிட்டும் தெரிந்தால் போதும். குறையும் உண்டு. தனி இணைப்பில் 45 ரூபாய் கட்டியிருக்க வேண்டியவர் இங்கே 709 கட்டுகிறார். அந்தச் சுமையைச் சராசரி முறை குறைக்கும், தீர்க்காது.

அந்த 40 யூனிட்டைக் கவனியுங்கள்

வாசல் மீட்டருக்கும் சப்-மீட்டர்களின் கூட்டலுக்கும் உள்ள வித்தியாசம்தான் பொதுச் செலவு. ஒரு எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட் ஆகும். அப்படியானால் 60 நாளில் 40 யூனிட் என்பது தினமும் முக்கால் மணி நேரத்துக்கும் குறைவான ஓட்டம். இது இயல்பு.

அடுத்த முறை அதே வித்தியாசம் 120 யூனிட் ஆனால், மோட்டார் தினமும் இரண்டு மணி நேரம் ஓடியிருக்க வேண்டும். டேங்க் நிரம்பி வழிகிறதா, எங்காவது குழாய் கசிகிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் எல்லா வீட்டிலும் மெயின் சுவிட்சை அணைத்து, மோட்டாரையும் படிக்கட்டு விளக்கையும் நிறுத்திவிட்டு வாசல் மீட்டரைப் பாருங்கள். அப்போதும் அதில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னினால், சப்-மீட்டரைத் தாண்டி எங்கோ கரன்ட் போகிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய நேரம்.

‘உரிய தேதி’ எது?

பழைய நோட்டீஸில் தேதியே இல்லை. மின்வாரியம் கணக்கெடுத்த பிறகு பணம் கட்ட 20 நாள் தருகிறது. கடைசி நாள், இணைப்போடு பதிவான செல்போன் எண்ணுக்கு எஸ்.எம்.எஸ். ஆக வரும். அந்த எண் பெரும்பாலும் உரிமையாளருடையது. குடியிருப்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

ஒரே மீட்டர் என்பதால் ஒருவர் பணம் தரத் தாமதித்தாலும் மூன்று வீடும் இருட்டாகும். ஆகவே நோட்டீஸில் இரண்டு தேதி வேண்டும்: குடியிருப்பவர் உரிமையாளரிடம் தர வேண்டிய நாள், உரிமையாளர் இ.பி.யில் கட்டும் நாள். இரண்டுக்கும் நடுவில் சில நாள் இடைவெளி விட வேண்டும்.

சப்-மீட்டரைப் படிக்கும் நாளும் முக்கியம். இ.பி. ஊழியர் 6-ஆம் தேதி கணக்கெடுக்க, சப்-மீட்டரை 12-ஆம் தேதி படித்தால், ஆறு நாள் செலவு கணக்கில் குழம்பும். இரண்டும் ஒரே நாளில் நடக்க வேண்டும். போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டால் பிறகு வாக்குவாதம் இருக்காது.

‘துண்டிக்கப்படும்’ என்று எழுதலாமா?

கூடாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம், குடியிருப்பவருக்கான மின்சாரம், தண்ணீர் போன்ற அத்தியாவசிய வசதிகளை உரிமையாளர் நிறுத்துவதைத் தடுக்கிறது. நிறுத்தினால் குடியிருப்பவர் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். பாக்கி வசூலிக்க வேறு வழிகள் உண்டு. ஃபியூஸைப் பிடுங்குவது அதில் ஒன்றல்ல.

மாற்றி எழுதிய நோட்டீஸ்

“குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம்.

1. மின் கட்டணம் (ஆகஸ்ட்–செப்டம்பர்): பில் 3,830 ரூபாய். மொத்தம் 720 யூனிட். யூனிட் விலை 5.32 ரூபாய்.

2. உங்கள் பங்கு: மொட்டைமாடி அறை 709, கீழ் வீடு 1,241, மாடி வீடு 1,880 ரூபாய். மோட்டார், படிக்கட்டு விளக்குக்கான தலா 71 ரூபாய் இதில் அடக்கம்.

3. லாரித் தண்ணீர்: ஒரு லோடு 1,350 ரூபாய். வீட்டில் உள்ள ஆட்களின் எண்ணிக்கைப்படி பிரிக்கப்பட்டது. மொத்தம் 9 பேர், ஒருவருக்கு 150 ரூபாய். மொட்டைமாடி அறை (2 பேர்) 300, கீழ் வீடு (4 பேர்) 600, மாடி வீடு (3 பேர்) 450.

4. இரண்டு தொகையையும் அக்டோபர் 15-க்குள் எனக்கு அனுப்பவும். இ.பி. கடைசி நாள் அக்டோபர் 25. நான் 18-ஆம் தேதி கட்டி, ரசீதை குரூப்பில் போடுகிறேன்.

5. அடுத்த ரீடிங் டிசம்பர் முதல் வாரம். இ.பி. ரீடிங் எடுக்கும் அதே நாளில் சப்-மீட்டர் போட்டோ எடுக்கப்படும். விருப்பமுள்ளவர் உடன் இருக்கலாம்.

6. இடையில் காலி செய்பவர் கிளம்பும் நாளில் ரீடிங் எடுப்போம். முந்தைய பில்லின் யூனிட் விலைப்படி கணக்கு முடிப்போம்.

7. கணக்கில் சந்தேகம் இருந்தால் 12-ஆம் தேதிக்குள் கேளுங்கள். பணம் தர அவகாசம் வேண்டுமென்றாலும் அதற்குள் சொல்லிவிடுங்கள்.

– வீட்டு உரிமையாளர்”

பழையது இரண்டு வாக்கியம், இது ஏழு குறிப்பு. ஆனால் “எனக்கு எவ்வளவு, ஏன் அவ்வளவு, எப்போது, யாரிடம்?” என்ற நான்கு கேள்விக்கும் சுவரிலேயே பதில் இருக்கிறது. ஆறாவது குறிப்பையும் பிரிக்கும் முறையையும் வாடகை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிட்டால், வீடு காலி செய்யும் நாளில் அட்வான்ஸில் எவ்வளவு கழிப்பது என்ற பேச்சுக்கும் இடமிருக்காது.

மொட்டைமாடிப் பையன் இனி 1,277-க்குப் பதில் 709 கட்டுவான். மாடி வீட்டுக்காரருக்கு 603 ரூபாய் கூடும். அவர், “திடீர்னு ஏன்ணே கூடுது?” என்று கேட்டால், நோட்டீஸின் முதல் இரண்டு குறிப்பைக் காட்டலாம். கணக்கு அதிலேயே இருக்கிறது.